இரட்டைத் தாடையைக் குறைக்கும்போது தாடையின் நிழலை எப்படிக் காப்பாற்றுவது?

“அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு எடுத்த படம். இரட்டைத் தாடையும் கழுத்தில் இரண்டு மடிப்பும் நன்றாகத் தெரிகிறது. நிழலை வெளுத்துப் பார்த்தேன், முகமும் கழுத்தும் ஒட்டிக்கொண்டது. ஃபோட்டோஷாப்பில் வடிவத்தைத் தள்ளி மாற்றும் Liquify-இல் உள்ளே தள்ளிப் பார்த்தேன், வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டார். தாடை வடிவமும் நிழலும் கெடாமல் இதை எப்படிச் செய்வது?”

உங்கள் முதல் முயற்சி ஏன் தோற்றது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். வெளிச்சம் மேலிருந்து வரும்போது நெற்றி, கன்னம், மோவாய் எல்லாம் ஒளியை வாங்கும். தாடை எலும்பு கீழ்ப்பக்கமாகத் திரும்பும் இடத்தில் ஒளி நின்றுவிடும். அங்கே பிறக்கும் நிழல் கழுத்தின்மேல் விழுந்து, கீழே போகப் போக மெல்லக் கரையும். சதை இல்லாத கழுத்தில் இந்த ஒரு நிழல்தான் இருக்கும். மோவாய்க்கு அடியில் சதை சேர்ந்திருந்தால் அந்த நிழலுக்கு நடுவே ஒரு மேடு முன்னால் வந்து நிற்கும், அதன் முன்பக்கம் மறுபடி ஒளியை வாங்கும். அந்த மேட்டுக்கு அடியில் இன்னொரு நிழல்கோடு விழும். மேலிருந்து கீழே பார்த்தால் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று ஐந்து பட்டைகள் வரும். நடுவில் இருக்கும் அந்த வெளிச்சப் பட்டையைத்தான் நம் கண் இன்னொரு மோவாய் என்று படிக்கிறது.

அதாவது தொந்தரவு தருவது இரண்டு இருட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட வெளிச்சம். நீங்கள் வெளுத்தது மேலே உள்ள முதல் இருட்டை. அது தாடையின் சொந்த நிழல், முகம் எங்கே முடிகிறது என்று சொல்வதே அதுதான். அதை எடுத்ததும் மோவாயும் கீழே உள்ள மேடும் ஒரே வெளிச்சமான பரப்பாகிவிட்டன. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரியவரின் படத்தில் இதே தவறைச் செய்தேன். மடிப்பு நிழல்களை எல்லாம் அழகாக வெளுத்துக் கொடுத்தேன். அவர் மகள் பார்த்துவிட்டு, “அப்பாவுக்கு முகம் வீங்கின மாதிரி இருக்கே” என்றார். ஒரு பிக்சலைக்கூட நான் நகர்த்தியிருக்கவில்லை, நிழலை எடுத்ததிலேயே முகம் அரை அங்குலம் நீண்டிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: மேல் நிழலைத் தொடாதே, மேட்டின் வெளிச்சத்தைத் தணி, கீழ்க்கோட்டைக் கொஞ்சம் கரை. மற்றதெல்லாம் இதைச் செய்யும் விதம்தான்.

கருவியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் படத்தைப் படியுங்கள். முதலில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கருவிழியில் தெரியும் ஒளிப்புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே விளக்கு இருந்த இடத்தைச் சொல்லிவிடும். அடுத்து மூக்கின் நிழல். அது விழும் திசையிலேயே தாடை நிழலும் விழ வேண்டும், மூக்கு நிழலின் ஓரம் மெத்தென்று இருந்தால் தாடை நிழலின் ஓரமும் அப்படித்தான் இருக்கும். விளக்கு இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கத் தாடைக்கு அடியில் நிழல் நீளமாகவும் கனமாகவும் இருக்கும். இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றிவிடும்.

அப்புறம் ஒரு காலி லேயரில், மெல்லிய பிரஷ்ஷால், தாடைக்கோடு உண்மையில் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் கோடு இழுங்கள். நிறைந்த முகங்களில் அந்தக் கோடு காது முதல் மோவாய் வரை தொடர்ச்சியாக இருக்காது. காதுமடலுக்கு அடியில் கொஞ்சம் தெரியும், கன்னத்துக்குக் கீழே மறைந்துபோகும், மோவாய் அருகில் மறுபடி வரும். இந்த இடைவெளி அந்த முகத்துக்கே உரியது. இருக்கும் கோட்டைத் தெளிவாக்கலாம், இல்லாத இடத்தில் வரையக் கூடாது. அம்மா ‘வேறு யாரோ’ ஆகிப்போனதற்கு, அந்த இடைவெளியையும் சேர்த்து இழுத்துக் கட்டியது பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்த லேயரை ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒப்பிடத் தேவைப்படும்.

இனி வேலை. சமீபத்தில் செய்த ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன், உங்கள் படத்துக்கு நெருக்கமானது. ஐம்பதுகளில் இருக்கும் ஒரு பெண், முகம் லேசாகத் திரும்பியிருக்கிறது, பெரிய மெத்தென்ற வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது, உடுத்தியிருப்பது அடர் சிவப்பு. ஃபோட்டோஷாப்பில் Info பலகத்தைத் திறந்து, மூக்குக்கு நேர் கீழே மேலிருந்து கீழாகச் சுட்டியை நகர்த்திப் பார்த்தேன். 0 முதல் 255 வரையுள்ள அளவில் மோவாயின் முன்பக்கம் ஏறக்குறைய 190, தாடை நிழல் 85, சதைமேட்டின் உச்சி 160, அதற்கு அடியில் மடிப்புக்கோடு 70, அதற்கும் கீழே கழுத்து 150. பிரச்சினை முழுவதும் இந்த எண்களிலேயே இருக்கிறது. மேடு 160-இல் இருக்கிறது, மோவாயோடு போட்டி போடுகிறது. சதை இல்லாத கழுத்தாக இருந்திருந்தால் 85-இல் தொடங்கிப் படிப்படியாக 150-க்கு ஏறியிருக்கும். அந்த ஏற்றத்தை முழுவதுமாகக் கொண்டுவருவது என் நோக்கம் இல்லை. மேட்டை 160-இலிருந்து 120 பக்கம் இறக்கி, கோட்டை 70-இலிருந்து 100 பக்கம் ஏற்றினால் போதும். மேடு அங்கேயே இருக்கும், ஆனால் பின்வாங்கி நிற்கும்.

மேட்டைத் தணிக்க, ஒளியை ஏற்றி இறக்க உதவும் Curves லேயர் ஒன்று போடுங்கள். அதில் தெரியும் சாய்கோட்டின் நடுப்பகுதியைப் பிடித்துக் கீழே இழுங்கள், 160-இல் இருப்பது 110-க்கு வரும் அளவுக்கு. படம் முழுக்க இருட்டாகும், பயப்பட வேண்டாம். லேயரோடு சேர்ந்து வரும் மாஸ்க் வெள்ளையாக உள்ள இடத்தில் விளைவு தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் மறையும். அதன்மேல் நின்று Ctrl+I அழுத்தினால் மாஸ்க் கறுப்பாகி விளைவு மறைந்துவிடும். இப்போது வெள்ளை நிறத்தில், ஓரம் முழுக்க மெத்தென்ற பிரஷ் எடுங்கள், அதாவது Hardness 0, Flow 4 சதவீதம். பிரஷ்ஷின் அகலம் மேட்டின் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கட்டும். சின்ன பிரஷ்ஷில் செய்தால் திட்டுத்திட்டாக வரும். மேட்டின் உச்சியில் தொடங்கி, அதன் வளைவைத் தொடர்ந்து, ஒரே திசையில் மெல்ல மெல்லப் பூசுங்கள். பத்துப் பதினைந்து முறை பூசிய பிறகுதான் மாற்றம் தெரியும், அப்படித்தான் இருக்க வேண்டும். உச்சியில் அதிகம், ஓரங்களில் குறைவு என்று தானாகவே அமைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாடை நிழல் தாடையை ஒட்டிய இடத்தில் மிக இருட்டாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும், தள்ளிப் போகப் போக வெளிறி ஓரம் மங்கும். நிழலை உண்டாக்கும் பொருளிலிருந்து தூரம் கூடக் கூட நிழலின் ஓரம் மங்குவது ஒளியின் இயல்பு. நீங்கள் மேட்டை இருட்டாக்கும்போது அந்த இடமும் தாடை நிழலின் தொடர்ச்சி போலவே ஆகிறது. ஆகவே மேட்டின் மேல்பாதி கொஞ்சம் அதிக இருட்டாகவும் கீழ்பாதி குறைவாகவும் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவு இருட்டாகிவிட்டால் மோவாய்க்கு அடியில் தாடி நிழல் போல ஒரு சாம்பல் பட்டை வந்துவிடும், பெண்கள் படத்தில் இது சட்டென்று கண்ணை உறுத்தும். அந்தப் பட்டை தெரிந்தால் மாஸ்க்கில் கறுப்பு பிரஷ்ஷால் கீழ்பாதியைக் கொஞ்சம் திரும்ப எடுத்துவிடுங்கள்.

மேட்டின் அடிப்பகுதியில் இன்னொரு மெல்லிய வெளிச்சம் இருக்கும். அது மார்பிலிருந்தும் உடையிலிருந்தும் மேல்நோக்கித் திரும்பி வரும் ஒளி. நான் சொன்ன படத்தில் உடை சிவப்பு என்பதால் தாடைக்கு அடியில் ஒரு செம்மை படிந்திருந்தது. பலர் இதைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். முழுக்கத் துடைத்தால் தாடைக்கு அடியில் வெட்டி எடுத்த பள்ளம் போல ஆகிவிடும், தலை தனியாக மிதக்கும். அதிகமாகத் தெரிந்தால் பாதியாகக் குறையுங்கள், ஒரேயடியாக எடுக்காதீர்கள். உடையின் நிறம் கழுத்தில் கொஞ்சம் தெரிவதுதான் அந்த ஆள் அந்த உடையில் அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி.

நிறத்தில் இன்னொரு சிக்கலும் வரும். Curves லேயர் வழக்கமான நிலையில் இருந்தால், தோலை இருட்டாக்கும்போது நிறமும் சேர்ந்து அடர்ந்து, மேடு செங்கல் நிறத்துக்குப் போகும். லேயரின் கலப்பு முறையை Luminosity என்று மாற்றினால் நிறம் அப்படியே நின்று ஒளி மட்டும் குறையும். ஆனால் சில தோல்களில் அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும். இதற்கு நிரந்தர விடை கிடையாது. நான் செய்வது இதுதான்: Luminosity-இல் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் உண்மையான தாடை நிழலோடு ஒப்பிடுவேன். சாம்பலாகத் தெரிந்தால் மேலே ஒரு காலி லேயர் போட்டு அதன் கலப்பு முறையை Color ஆக்குவேன். உண்மை நிழலின் நிறத்தை எடுத்து, 10 சதவீத Opacity-இல் இரண்டு மூன்று முறை பூசுவேன். நிழல் நிறத்தை அதே படத்தின் நிழலிலிருந்துதான் எடுக்க வேண்டும். கன்னத்து நிறத்தை எடுத்து இருட்டாக்கினால் பொருந்தாது.

சரி, இப்போது மடிப்புக்கோடு. இதற்கு இன்னொரு Curves லேயர், இந்த முறை மேலே இழுக்க வேண்டும், 70-இல் இருப்பது 105-க்கு வரட்டும். மாஸ்க்கைக் கறுப்பாக்கிவிட்டு, கோட்டின் தடிப்புக்குச் சமமான சின்ன பிரஷ்ஷால், கோட்டின்மேல் மட்டும் பூசுங்கள். முழுக் கோட்டையும் ஒரே அளவுக்கு ஏற்றாதீர்கள். மடிப்பின் இரண்டு நுனிகள்தான் அதை நீளமாகக் காட்டுகின்றன. நுனிகளை நன்றாகக் கரைத்து, நடுவில் குறைவாகக் கரைத்தால் மடிப்பு சிறுத்து, இயல்பாகவே முடிந்துபோனது போல இருக்கும். நடுவில் மட்டும் அழித்து நுனிகளை விட்டுவிட்டால், எங்கிருந்தோ தொடங்கி எங்கோ நிற்கும் இரண்டு கோடுகள் மிஞ்சும். மற்றவர்கள் செய்த வேலையைத் திருத்தக் கேட்டு வரும் படங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது.

கழுத்து மடிப்புகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கழுத்தைச் சுற்றி வளையம் போல ஓடும் கோடுகள் எல்லோருக்கும் உண்டு, ஒல்லியானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்டு. அவை கழுத்தின் உருளை வடிவத்தைச் சொல்லும் கோடுகள், பாதியளவு கரைத்தால் போதும். முழுக்க எடுத்தால் கழுத்து குழாய் மாதிரி ஆகிவிடும். இன்னொன்று, தலையைத் திருப்பியதால் காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்பு நோக்கிச் சாய்வாக எழும் தசையும் அதையொட்டிய மடிப்பும். அது அந்த நேரத்துத் திருப்பத்தால் வந்தது, அந்தத் தசை இல்லாவிட்டால் தலை திரும்பியதாகவே தெரியாது. தோல் மடிப்பை மட்டும் கரையுங்கள், தசையின் மேட்டை விட்டுவிடுங்கள்.

இதுவரை செய்தது ஒளி, நிழல் வேலை மட்டும். பல படங்களுக்கு இதோடு முடிந்துவிடும், அதனால்தான் வடிவத்தை மாற்றுவதை நான் எப்போதும் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். வேலையை மூடி வைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். இன்னும் உறுத்தினால் மட்டும் Liquify. அசல் லேயரைப் பிரதியெடுத்து, அந்தப் பிரதியை Smart Object ஆக்கிவிட்டு Liquify திறந்தால், பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போய் மாற்றலாம். Curves லேயர்கள் மேலேயே இருக்கட்டும். அவற்றின் மாஸ்க் மெத்தென்று இருப்பதால் அடியில் சில பிக்சல் நகர்ந்தாலும் கெடாது.

உங்கள் இரண்டாவது முயற்சி பெரும்பாலும் தாடைக்கோட்டையே உள்ளே தள்ளியிருக்கும். தாடை எலும்பின் அகலம் ஒருவரை அடையாளம் காட்டும் முக்கியமான விஷயங்களில் ஒன்று. அதை மாற்றியதும் வேறு ஆள் வந்துவிடுகிறார். அதேபோல Liquify-இல் முகத்தைத் தானாகக் கண்டுபிடித்து வரும் Jawline, Face Width போன்ற நகர்த்திகளும் இரட்டைத் தாடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. அவை முகத்தின் எல்லையையே மாற்றுகின்றன, மேடு அங்கேயே நிற்கும். இந்த வேலைக்கு அவற்றைத் தொடாதீர்கள்.

நகர்த்த வேண்டியது மேட்டின் கீழ் எல்லையை மட்டும். நேராகப் பார்க்கும் படத்தில் மடிப்புக்கோடு கழுத்தின்மேல் ஒரு தொட்டில் போல வளைந்து கிடக்கும். அந்தத் தொட்டிலைக் கொஞ்சம் மேலே தூக்கினால் மேட்டின் உயரம் குறையும், கழுத்து அந்த அளவுக்கு நீளும். முதலில் Freeze Mask கருவியால் தாடைக்கோடு முழுவதையும், மோவாயையும், காதுமடலையும், கழுத்தில் சங்கிலி இருந்தால் அதையும் பூசி உறையவைத்துவிடுங்கள். பிறகு Forward Warp கருவி, பிரஷ் அளவு முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, Pressure 20. தொட்டிலின் நடுவில் வைத்து மேல்நோக்கி ஒரு சின்னத் தள்ளல், அப்புறம் இரண்டு பக்கமும் அதைவிடக் குறைவாக. முகம் 1200 பிக்சல் அகலமிருந்த அந்தப் படத்தில் நான் நடுவில் நகர்த்தியது 14 பிக்சல், பக்கங்களில் 6 அல்லது 7. அவ்வளவுதான். இதற்கு மேல் போக நேர்ந்தால், ஒளி வேலையில் எங்கோ குறை இருக்கிறது என்று அர்த்தம், அங்கே திரும்பிப் போவதே நல்லது. GIMP வைத்திருப்பவர்கள் Warp Transform-இல் இதையே செய்யலாம், உறையவைப்பதற்குப் பதில் வேலை செய்ய வேண்டிய இடத்தை மட்டும் முன்கூட்டியே தேர்வு செய்துகொண்டால் போதும்.

தப்பு நடந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது சங்கிலிதான். கண்ணிகள் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் நெருக்கமாக இருந்தால் அந்த இடம் இழுபட்டிருக்கிறது. சங்கிலி இல்லாத படத்தில் தோல் துவாரங்களைப் பாருங்கள், வட்டமாக இருக்க வேண்டியவை சாய்ந்த முட்டை வடிவில் இருந்தால் அதே கதை. பின்னணியில் நேர்கோடுகள் இருந்தால் அவையும் வளையும், ஆனால் எல்லையை மட்டும் மேலே தூக்கும் இந்த முறையில் அதற்கு வாய்ப்பு குறைவு.

தோலின் பரப்பைப் பற்றிக் கொஞ்சம். மடிப்புக்கோட்டை ஏற்றியபின் அங்கே ஒரு கீறல் மாதிரி மிஞ்சலாம். அதற்கு Clone Stamp எடுத்து, தனி லேயரில், Sample என்ற இடத்தில் Current & Below வைத்து, அந்த லேயரின் கலப்பு முறையை Lighten ஆக்கி, 25 சதவீத Opacity-இல் மெல்ல நிரப்புங்கள். Lighten-இல் இருந்தால் இருட்டான பிக்சல்கள் மட்டுமே மாறும், சுற்றியுள்ள தோல் அப்படியே இருக்கும். Healing Brush-ஐத் தாடைக்கோட்டுக்கு அருகில் பயன்படுத்தாதீர்கள். அது ஓரத்தில் இருக்கும் நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும் இயல்புடையது, தாடை நிழல் மேலே கசிந்து அழுக்குப் படிந்ததுபோல ஆகிவிடும். மாதிரியை எப்போதும் கழுத்திலிருந்தே எடுங்கள். கன்னத்துத் தோலின் துவாரங்கள் பெரியவை, கழுத்தில் ஒட்டினால் ஒட்டுப் போட்டது தெரியும். ஆண்கள் படத்தில் மோவாய்க்கு அடியில் முடி வளரும் திசையே வேறு, அதையும் பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பதற்கு எனக்கு மூன்று பழக்கங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயர் வைத்து அதன் கலப்பு முறையை Color ஆக்கினால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். நிறம் மறைந்ததும் திட்டுகளும், தாடி போன்ற பட்டையும் உடனே தெரியும். அடுத்து, படத்தை இடவலம் புரட்டிப் பார்ப்பேன். நெடுநேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதுப் படமாகத் தெரியும், ஒருபக்கம் கூடுதலாக வேலை செய்திருந்தால் அப்போது அகப்படும். மூன்றாவதாக, தபால்தலை அளவுக்குச் சிறிதாக்குவேன். அந்த அளவிலும் மோவாய் எங்கே முடிகிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தாடை நிழலை எங்கேயோ தெரியாமல் வெளுத்திருக்கிறேன். முதலில் கோடு இழுத்து ஒளித்துவைத்த லேயரையும் இப்போது திறந்து பாருங்கள். தாடைக்கோடு அதே இடத்தில், அதே இடைவெளிகளோடு இருக்க வேண்டும்.

ஒளி எப்படி விழும், நிழல் எப்படிக் கரையும், எந்தப் பட்டை கண்ணை ஏமாற்றுகிறது என்பதெல்லாம் எல்லா முகத்துக்கும் பொருந்தும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு குறைப்பது என்பது அப்படியல்ல. மேட்டை 120-க்கு இறக்கினேன் என்பது அந்தப் படத்துக்கான என் கணிப்பு. கடுமையான வெயிலில் எடுத்த படத்தில் தாடை நிழலே 40-இல் இருக்கும், அங்கே எண்கள் வேறு. பொதுவாக உறுத்தலைப் பாதியாக்கும் இடத்தில் நிறுத்துகிறேன். வீட்டார் பார்த்து “நல்லா வந்திருக்கு” என்று மட்டும் சொல்லி, என்ன மாறியது என்று சொல்லத் தெரியாமல் இருந்தால் அளவு சரி.

இந்த முறை எடுபடாத படங்களும் இருக்கின்றன. வாய்விட்டுச் சிரிக்கும் படத்தில் மோவாய் பின்னால் இழுபட்டு அடிச்சதை எழும்பும். அந்தச் சதை சிரிப்பின் பாகம். கன்னம் உயர்ந்து, கண் சுருங்கி இருக்கும்போது கழுத்து மட்டும் அசையாமல் இருந்தால் சிரிப்பே பொய்யாகத் தெரியும், ஆகவே அங்கே கீழ்க்கோட்டை லேசாகக் கரைப்பதோடு விட்டுவிடுவேன். பக்கவாட்டில் எடுத்த படத்தில் மோவாயிலிருந்து கழுத்துவரை ஒரே சரிவாக இருந்தால், ஒளியைத் தணித்து எதுவும் ஆகாது, எல்லைக்கோட்டையே வெட்ட வேண்டியிருக்கும். அது இல்லாத எலும்பை வரைவது, நான் செய்வதில்லை. நன்றாகச் சுருக்கப்பட்ட சின்ன ஜேபெக் படங்களில் நிழல் பகுதியில் விவரமே இருக்காது, வெளுத்தால் கட்டம் கட்டமாக உடையும். கேமராவின் மூலக் கோப்பு கையில் இருந்தால் அதிலிருந்து 16 பிட் நிலையில் தொடங்குங்கள். பாஸ்போர்ட், அடையாள அட்டைப் படங்களில் இந்த வேலை எதையும் செய்யக் கூடாது. விளம்பரப் படங்களுக்கும் சில நாடுகளில் விதி இருக்கிறது. பிரான்சில் 2017 முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றியிருந்தால் ரீடச் செய்த படம் என்று குறிப்பிட வேண்டும். நார்வேயில் 2022 முதல் உடல் வடிவம், அளவு, தோல் ஆகியவற்றை மாற்றிய விளம்பரங்களுக்கும் அப்படியே. வீட்டுப் படத்துக்கு இது பொருந்தாது.

அம்மாவை இன்னொரு படம் எடுக்க வாய்ப்பு இருந்தால், கேமராவை அவர் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, நெற்றியைக் கேமராவை நோக்கி லேசாக முன்னால் நீட்டி, மோவாயைத் துளி கீழே இறக்கச் சொல்லுங்கள். கழுத்துத் தோல் இழுபட்டு, மேடு தாடை நிழலுக்குள்ளேயே போய்விடும். அவருக்கு அது அசௌகரியமாகத் தோன்றும், படத்தில் தெரியாது. மேலே சொன்ன வேலையில் பாதி அப்போது தேவைப்படாது.

இந்தப் படத்தையே பிரேம் போட்டு மாட்டப் போகிறீர்கள் என்றால், பெரிய பிரிண்டுக்கு முன் உள்ளங்கை அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுத்து, மாட்டப் போகும் இடத்தின் வெளிச்சத்திலேயே வைத்துப் பாருங்கள். திரையைவிடத் தாளில் நிழல் கனமாகத்தான் விழும். நீங்கள் தணித்த மேடும் தாடை நிழலும் சேர்ந்து ஒரே இருட்டாக ஒட்டிக்கொண்டால், மேட்டின் Curves லேயருடைய Opacity-ஐ 100-இலிருந்து 80-க்கு இறக்கி இன்னொரு சோதனைப் பிரிண்ட் எடுங்கள். அப்போதும் தாடை நிழலின் பக்கம் போகாதீர்கள்.